"ஹோட்டலை விற்கப் போறீங்களா, சேர்?" – நிலாவெளிக் கூட்டம் இரண்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் நிலாவெளிக் கரையோரம் உள்ள ஒரு நடுத்தர ஹோட்டலில் ஒரே கேள்விக்காக இரண்டு ஊழியர் கூட்டங்கள் நடந்தன. முதலாவதில் பொது முகாமையாளர் எழுதி வைத்த வசனங்களோடு போனார். இரண்டாவதில் நாலு கொள்கைகளோடு போனார். இரண்டுக்கும் இடையில் பத்து நாட்கள்கூட இல்லை. இரண்டாவது கூட்டத்துக்கான தயாரிப்பில் நானும் இருந்தேன். ஹோட்டலின் பெயரையும், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நிலைமை. கிழக்குக் கரையில் சீசன் என்பது ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கி செப்டெம்பரோடு அடங்கிவிடும். அப்புறம் வாடைக்காற்று, மழை, கொந்தளிக்கும் கடல். புறாத்தீவுக்குப் படகு போகாத மாதங்களில் அறைகளும் காலியாகத்தான் கிடக்கும். சீசன் முடிந்த ஒக்டோபரில், இரண்டு பேர் வந்து கடற்கரைப் பக்க எல்லைக்கல்லை அளந்தார்கள். அடுத்த நாள் கணக்காளரிடம் மூன்று வருடக் கணக்குப் புத்தகங்களைக் கேட்டார்கள். அன்று மாலையே இறக்கக்கண்டி முதல் சாம்பல்தீவு வரை ஹோட்டல் விலைபோகுது என்ற கதை அடிபட்டது.

கதை பொய்யில்லை. முதலாளி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு வெளியே போகக்கூடாது என்று இருதரப்பும் எழுத்தில் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். விலை தீரவில்லை, விற்பனை நடக்குமா என்பதும் தீரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் முதலாளி, அவருடைய மகன், பொது முகாமையாளர், கணக்காளர் ஆகிய நாலு பேர்தான். முகாமையாளருக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. அதோடு, முடிவு என்னவென்று அவருக்கே தெரியாது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருந்ததுதான் இந்தக் கேள்வியைக் கடினமாக்கியது.

முதல் கூட்டத்துக்கு கொழும்பிலிருந்து சட்டத்தரணி ஐந்து வசனங்கள் எழுதி அனுப்பியிருந்தார். நிறுவனத்தின் உரிமை தொடர்பான ஊகங்களுக்கு நாம் பதிலளிப்பதில்லை, ஊழியர் நலனே எமது முதன்மை, வழமைபோல் பணிகள் தொடரும் என்ற மாதிரி. ஒவ்வொன்றும் சட்டப்படி சரியான வசனம். முகாமையாளர் மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

முதல் கேள்வி எதிர்பார்த்தபடியே வந்தது: "சேர், விக்கப் போறீங்களா?" முதல் வசனம் பொருந்தியது. இரண்டாவதாக ஹவுஸ்கீப்பிங்கில் பல வருடம் வேலை செய்யும் ஒரு அம்மா எழும்பினார். "சேர், விக்கிறதும் விக்காததும் உங்கட விஷயம். என்ர மகளுக்குத் தையில கலியாணம். சம்பளச் சீட்டைக் காட்டித்தான் வங்கியில லோன் கேட்டிருக்கிறன். கையெழுத்துப் போடவா, விடவா?" அதற்கு வசனம் இல்லை. ஊழியர் நலனே எமது முதன்மை என்றார் முகாமையாளர். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. மூன்றாவதாகச் சமையலறைப் பையன் ஒருவன் கேட்டான்: "போன வருஷம் இதே மாதிரிக் கதை வந்தப்ப, 'இல்லவே இல்லை' எண்டு நேரே சொன்னீங்கள். இந்த முறை மட்டும் ஏன் சேர் 'பதிலளிப்பதில்லை'?"

அந்தக் கேள்வியோடு கூட்டம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். இரவு அந்த வீடியோ வட்ஸ்அப்பில் சுற்றியது. கிழமை முடிவதற்குள் சமையலறையில் இருந்து ஒரு நல்ல ஆள் உப்புவெளிப் பக்க ஹோட்டலுக்குப் போய்விட்டார். இன்னும் சிலர் வேலை தேடத் தொடங்கினார்கள்.

முகாமையாளர் கெட்டிக்காரர், நேர்மையானவர். வசனங்களிலும் பொய் இல்லை. எழுதி வைத்த வசனம் கேள்வியின் சொற்களுக்குத் தயாரிக்கப்படுகிறது. ஆட்களோ தங்கள் தேவையைக் கேட்கிறார்கள். ஒரே தேவை பத்து விதமான சொற்களில் வரும். பதினொன்றாவது விதத்துக்கு வசனம் இருக்காது. அப்போது மேடையில் நிற்பவருக்கு இரண்டே வழி. பொருந்தாத வசனத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும், அல்லது எதையும் தயாரிக்காதவர் போலச் சொந்தமாகப் பேச வேண்டும். முதலாவது ஆட்களைக் கோபப்படுத்தும். இரண்டாவதில் நாளைக்கு நிற்காத ஒரு வாக்குறுதி வாயிலிருந்து வந்துவிடும்.

பையன் கேட்ட கேள்வி இன்னும் ஆழமானது. மறைக்க ஒன்றும் இல்லாதபோது இல்லை என்றும், ஏதாவது இருக்கும்போது பதிலளிப்பதில்லை என்றும் சொல்கிற ஆளிடம், பதிலளிப்பதில்லை என்றாலே ஆம் என்றுதான் பொருள். போன வருடம் ஆறுதலாகச் சொன்ன ஒரு உண்மை, இந்த வருட மௌனத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அரசாங்கங்களின் உளவுத்துறைகள் இதை முன்பே பட்டறிந்தவை. மூழ்கிக் கிடந்த சோவியத் நீர்மூழ்கி ஒன்றைத் தூக்க 1974 இல் அமெரிக்கா அனுப்பிய குளோமர் எக்ஸ்புளோரர் கப்பலைப் பற்றிப் பின்னர் கேட்டபோது, உறுதிப்படுத்தவும் மாட்டோம் மறுக்கவும் மாட்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கே குளோமர் பதில் என்று பெயர் வந்துவிட்டது. அப்படிப்பட்ட மறுப்பு வேலை செய்ய வேண்டுமென்றால், விஷயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்துக்கு எழுதும் வசனத்தில் இது அடங்காது, ஏனென்றால் இது வருடக்கணக்கில் காக்க வேண்டிய நடத்தை.

இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு பின்னேரம் முழுவதும் உட்கார்ந்து தயாரித்தோம். முகாமையாளர், கணக்காளர், மனிதவள அலுவலராக இருந்த ஒரு தங்கச்சி, நான். முதலாளியோடும் சட்டத்தரணியோடும் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். மனிதவள அலுவலருக்கு அந்தப் பின்னேரம்தான் விஷயம் சொல்லப்பட்டது, முதலாளியின் அனுமதியோடு. பேச வேண்டியவரிடமே மறைத்துவிட்டு அவரைத் தயாரிக்க முடியாது.

ஒவ்வொரு பகுதியின் மேற்பார்வையாளரும், பெயர் இல்லாமல், தங்கள் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதித் தந்திருந்தார்கள். கேள்விகள் நிறைய இருந்தன. வாசித்துப் பார்த்தால் தேவை நாலுதான். மாதச் சம்பளமும் சேர்விஸ் சார்ஜும் தடையில்லாமல் வருமா? ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் என்னவாகும்? காத்திருப்பதா, வேறு இடம் பார்ப்பதா? எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? விற்பனை நடக்கிறதா என்ற கேள்வி இந்த நாலுக்கும் வெளியே ஒரு பெட்டி போலத்தான் இருந்தது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பவற்றில் பலவற்றுக்கு நேரான பதில் கொடுக்க முடியும் என்று தெரிந்தபோது முகாமையாளரின் முகமே மாறியது.

பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி போட்டோம். தெரியும் சொல்லலாம், தெரியாது, தெரியும் சொல்ல முடியாது. முகாமையாளர்தான் நிரப்பினார். முதல் கூட்டத்தில் இந்த மூன்றும் ஒரே குரலில் வந்ததால், உண்மையிலேயே தெரியாததும் மறைப்பது போலக் கேட்டது. சொல்லக்கூடியதையும் அவர் விழுங்கிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் கொள்கைகள். ஒரு விதியை மட்டும் கடுமையாக வைத்துக்கொண்டோம்: ஒவ்வொரு கொள்கைக்கும் எதற்காக என்ற காரணமும், எந்த இடத்தில் அது இடறும் என்பதும் எழுதப்பட வேண்டும். காரணம் தெரியாத கொள்கை நெருக்கடியில் வெறும் வசனமாகத்தான் வெளியே வரும்.

அவர் தன் சொல்லில் எழுதிய முதல் கொள்கை: உரிமை மாற்றம் பற்றி, இருந்தாலும் இல்லாவிட்டாலும், எப்போதும் ஒரே பதில், அப்படிச் செய்வதையும் வெளிப்படையாகச் சொல்வேன். இதற்குப் போன வருடத்து மறுப்பைத் தொடாமல் போக முடியாது. இனிமேல் இந்த வகைக் கேள்விக்கு ஆம், இல்லை இரண்டையும் சொல்லமாட்டேன் என்று கூட்டத்திலேயே அறிவித்து, அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். சட்டத்தரணி முதலில் தயங்கினார். காரணம் சொல்வதே விற்பனையை ஒத்துக்கொள்வது போல ஆகாதா என்று கேட்டார். அவருடைய பயத்தில் பாதி நியாயம் இருந்தது. முதல் கூட்டம் ஏற்கனவே நடந்திருந்ததால் முழு மௌனம் என்ற ஒன்று இனி இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, இரகசியம் பற்றி ஒரே ஒரு வசனத்தை அவர் எழுதித் தந்தார். அதை மட்டும் சொல் மாறாமல் வாசிப்பது என்று தீர்மானித்தோம்.

இரண்டாவது: என் கையில் இருப்பதை மட்டும் வாக்காகக் கொடுப்பேன். வேலை போகாது என்பது இன்னொருவர் கையில் இருப்பது. புது ஆள் எல்லோரையும் வைத்துக்கொள்வார் என்பதும் அப்படித்தான். ஆனால் இந்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் விழும், சேமலாப நிதிக்கு எதுவரை பணம் கட்டியிருக்கிறது, ஒவ்வொருவருக்கும் பணிக்கொடை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற கணக்கை எழுத்தில் தருவது, இவையெல்லாம் அவர் கையில் இருந்தன. மூன்றாவது: சட்டம் தருவதைக் குறைத்தும் சொல்லமாட்டேன், தராததைத் தருவதாகவும் காட்டமாட்டேன். நாலாவது: உங்களைப் பாதிக்கும் முடிவு, வெளியே போகும் முன் உங்களுக்கு வரும், முடிவு வராவிட்டாலும் சொன்ன தேதியில் வந்து நிற்பேன்.

ஐந்தாவதாக ஊழியர் நலனுக்கு முன்னுரிமை என்று ஒன்று எழுதப்பட்டிருந்தது. அதை வெட்டினோம். வெட்டிய விதம் முக்கியம். ஒரு கொள்கை தெளிவா, மங்கலா என்று அறிய எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, இரண்டு பேரைத் தனித்தனியே இருத்தி, அதே கொள்கையை வைத்து அதே கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பதுதான். சொற்கள் வேறாக இருக்கலாம். சாரம் ஒன்றாக இருக்க வேண்டும். லோன் கேள்வியை முகாமையாளரிடமும் மனிதவள அலுவலரிடமும் கேட்டோம். ஊழியர் நலன் என்ற கொள்கையை வைத்து ஒருவர் "கையெழுத்துப் போடுங்கோ, ஒண்டும் நடக்காது" என்றார், மற்றவர் "இப்ப போடாதீங்கோ" என்றார். இருவரும் நலனைத்தான் நினைத்தார்கள். இரண்டாவது கொள்கையை வைத்துக் கேட்டபோது இருவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்தார்கள்: எடு, எடாதே என்று சொல்ல என்னால் முடியாது, உங்கள் சம்பளம், சேவைக்காலம், பணிக்கொடை நிலுவை எல்லாம் எழுதிய கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன், அதை வைத்து நீங்களும் வங்கியும் முடிவெடுங்கள்.

ஒத்திகையில் கணக்காளரே கேள்வி கேட்கும் ஆளாக இருந்தார். ஒரே விஷயத்தைக் கோபமாக, அழுதுகொண்டு, பகிடியாக, ஊகமாக, தன் பெயரைச் சொல்லாமல் இன்னொருவர் கேட்டதாக மாற்றி மாற்றிக் கேட்டார். முகாமையாளர் எந்த வடிவத்தில் தடுக்கி விழுகிறார் என்று பார்த்தோம். கோபத்தை அவர் நன்றாகத் தாங்கினார். பரிதாபத்தில்தான் வாக்குறுதி வழுகியது. இது முன்கூட்டித் தெரிந்தது பிறகு உதவியது.

எல்லாவற்றையும் கொள்கையிடம் விட்டுவிடவில்லை. தேதி, தொகை, சட்டம் மூன்றும் தாளில் எழுதி, பார்த்து வாசிக்க வேண்டியவை. அவற்றில் நினைவும் நல்லெண்ணமும் போதாது. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்று நடவடிக்கை இல்லாமல் ஒருவரின் தொழிலை முடிப்பதென்றால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், தொழில் தருநர் பங்கு 12 வீதம். இவ்வளவும் ஒரு பக்கத்தில் இருந்தது. கொள்கைகள் அடுத்த பக்கத்தில். சிங்களத்தில் சொல்லித்தரும் வரவேற்புப் பகுதி மேற்பார்வையாளருக்கும் அந்த இரண்டு பக்கங்களையும் முதல் நாளே கொடுத்தோம். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வரும் ஊழியர்களுக்கும் அதே அளவு தெளிவு போக வேண்டும் என்பதற்காக.

இரண்டாவது கூட்டம் சாப்பாட்டு மண்டபத்தில், மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் நடந்தது. முகாமையாளர் போன வருடப் பதிலைத் தானே எடுத்துத் தொடங்கினார். "போன வருஷம் இல்லை எண்டு சொன்னன். அது அண்டைக்கு உண்மை. ஆனா அப்படி ஒருக்காச் சொன்னா, பிறகு நான் சொல்லாம விடுற ஒவ்வொரு தரமும் நீங்கள் ஏதோ இருக்கெண்டு நினைப்பீங்கள். அதால இனி இந்தக் கேள்விக்கு ஆம் எண்டும் சொல்லமாட்டன், இல்லை எண்டும் சொல்லமாட்டன். ஒண்டும் இல்லாத வருஷத்திலயும் இதையேதான் சொல்லுவன்." சத்தம் வந்தது, ஆனால் யாரும் வெளியே போகவில்லை.

லோன் கேட்ட அம்மாவுக்குத் திட்டமிட்டபடி பதில் போனது. சீசனுக்கு மட்டும் வரும் கிண்ணியாப் பையன் ஒருவன் எழும்பி, "சேர், நீங்கள் வாசிச்ச சட்டம் எங்களைப் போல ஆக்களுக்கும் இருக்கா?" என்றான். இது எங்கள் ஒத்திகையில் வராத கேள்வி. ஐந்து வசனங்களோடு போயிருந்தால் எல்லா ஊழியர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற மாதிரி ஏதாவது வந்திருக்கும். மூன்றாவது கொள்கை அவரை அங்கே நிறுத்தியது. "தம்பி, உள்ளதைச் சொல்லுறன். வேலையால நிப்பாட்டுறது பற்றின அந்தச் சட்டம் 12 மாசத்துக்குள்ள 180 நாளாவது வேலை செய்தவைக்குத்தான். சீசன் ஆக்களில சிலருக்கு அது வராமப் போகலாம். உன்ர நாட்கணக்கைப் பார்த்துத் தங்கச்சி உனக்குத் தனியச் சொல்லுவா. சேமலாப நிதி மட்டும் கஷுவல் ஆளுக்கும் முதல் நாளில இருந்தே உண்டு, அதில ஒரு சதம் குறையாது." கெட்ட செய்திதான். ஆனால் பையன் அடுத்த நாளே தன் அட்டையோடு மனிதவள அலுவலகத்துக்குப் போனான்.

ஒரு இடத்தில் அவர் வழுகினார், நாங்கள் பயந்த அதே இடத்தில். சலவைப் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினார். "அழாதீங்கோ அக்கா, ஒருத்தரையும் விடமாட்டம்" என்று வாய்க்குள் இருந்து வந்துவிட்டது. ஒரு நொடி நின்றார். "நான் இப்ப சொன்னதைத் திருப்பி எடுக்கிறன். அது என்ர கையில இல்லாத வாக்கு. என்ர கையில இருக்கிறது இதுதான்" என்று கடிதத்தையும் தேதியையும் திரும்பச் சொன்னார். எழுதிய வசனத்தை விட்டு விலகியிருந்தால் விலகினோம் என்று மட்டும் தெரிந்திருக்கும். கொள்கை இருந்ததால், எதை மீறினோம், எப்படித் திரும்புவது என்பதும் அதே நொடியில் தெரிந்தது. வீடியோவாக வெளியே போனதும் அந்தத் துண்டுதான். போனவாரத்து வீடியோவின் கீழே வந்த மாதிரியான பேச்சு இதன் கீழே வரவில்லை.

கடைசியாக யாரோ பின்னால் இருந்து, "சேர், நீங்கள் இருப்பீங்களா?" என்று கேட்டார்கள். இது நாலு கொள்கைகளுக்கும் இடையில் விழும் கேள்வி. இருப்பேன் என்றால் கையில் இல்லாத வாக்கு. தெரியாது என்றால் விற்பனைக்கு ஒரு துப்பு. "நான் போறதெண்டால் உங்களுக்குச் சொல்லாமப் போகமாட்டன்" என்றார். இரண்டாவதையும் நாலாவதையும் சேர்த்துத் தானே செய்துகொண்ட பதில் அது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

விளைவை மிகைப்படுத்த விரும்பவில்லை. இரண்டாவது கூட்டத்துக்குப் பிறகும் சிலர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் தன் பணிக்கொடைக் கடிதத்தைப் பார்த்து, கணக்குப் போட்டு, போவதுதான் நல்லது என்று தெளிவாகவே முடிவெடுத்தார். ஆட்களை இருக்க வைப்பதற்கான தந்திரமாக இதைப் பாவித்தால் முதல் கடிதத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். சொன்ன தேதி வந்தபோது முடிவு எதுவும் வந்திருக்கவில்லை. முகாமையாளர் பத்து நிமிடக் கூட்டம் வைத்து, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொல்லி, அடுத்த தேதியைக் குறித்தார். என் கணிப்பில், அவருடைய வார்த்தைக்கு மண்டபத்தில் எடை கூடியது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. கொள்கைகளை ஏற்றுக்கொண்டவர் மேடையில் பேசியவர் மட்டும். விஷயம் தெரிந்த மற்றவர்களில் முதலாளியின் மகன் எங்கள் பின்னேரத்தில் இருக்கவில்லை. அவர் ஒரு நாள் மீன் கொண்டுவரும் வியாபாரியிடம், புது ஆட்கள் வந்தால் உங்கள் கணக்கை அவர்களோடு பேசிக்கொள்ளுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மாலைக்குள் சமையலறைக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு முதலில் வரும் என்ற நாலாவது கொள்கை, முகாமையாளர் வாய் திறக்காமலே உடைந்தது.

அன்று இரவே முதலாளியின் வீட்டில் தாளைத் திரும்ப எடுத்தோம். விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் அந்த நாலு கொள்கைகளையும் வாசித்துக் கையெழுத்திட்டார்கள், மகன் உட்பட. கசிந்தால் என்ன செய்வது என்பதும் எழுதப்பட்டது: ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாப் பகுதி மேற்பார்வையாளர்களுக்கும் முகாமையாளரே தொலைபேசியில் பேசுவது, கசிந்ததை உறுதிப்படுத்தாமலும் மறுக்காமலும், அடுத்த கூட்டத்தின் தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது. கூட்டம் அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நடந்தது. முதல் வரிசையில் முதலாளியின் மகனும் உட்கார்ந்திருந்தார்.